பள்ளி வேன் பழுதுபார்த்த பில்: பார்வைக்குச் சரி, கூட்டினால் சரியில்லை

"அப்பா சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறார். போன வாரம் வேன் வழியில் நின்றுவிட்டது. பட்டறைக்காரர் பழுதுபார்த்துவிட்டு இந்தப் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். முன்பணம் கொஞ்சம் கொடுத்ததாக அப்பா சொல்கிறார். நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. 2,452 வெள்ளி 70 சென்னை இன்றே அனுப்பிவிடலாமா? கணக்குத் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது பார்த்துச் சொல்லுங்கள்."

தம்பி, இன்றைக்கு அனுப்ப வேண்டாம். இந்தப் பில்லை எப்படிப் படித்தாலும் வரிக்கு முன்பே 74 வெள்ளி கூடுதலாக இருக்கிறது. அது உறுதி. அதற்கு மேல், ஒரே உதிரிப் பாகத்துக்கு 180 வெள்ளி இரண்டு முறை போடப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. அதை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. முன்பணம், இழுவை லாரி, வரி ஆகிய மூன்றையும் படத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அவற்றுக்கு உங்கள் அப்பாவும் பட்டறைக்காரரும்தான் பதில் சொல்ல வேண்டும். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். என் சொல்லை நம்பி எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகத் தொடங்கி, பிறகு ஒரு லாரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். பட்டறைப் பில்கள்தாம் என் மேசைக்கு அதிகம் வரும். ஒரு பில்லைப் பார்த்தவுடன் "சரி" என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் தோற்றம்தான். மேலே கடைப் பெயர், நடுவில் ஒழுங்கான கட்டங்கள், கீழே முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் கண் நிம்மதியடைந்துவிடும். எண்களைக் கண் கூட்டுவதில்லை. அதனால் யாராவது பில்லை நீட்டிப் பார்க்கச் சொன்னால், நான் முதலில் செய்வது அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறொரு தாளில் படியெடுப்பது. படியெடுக்கும்போது கணக்குப் போடக் கூடாது. என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். தெளிவாக இல்லாத எண்ணின் கீழே ஒரு கோடு போட வேண்டும்.

உங்கள் படத்திலிருந்து நான் படியெடுத்தது இது. முன் டிஸ்க் பேட் ஒரு செட் 180 வெள்ளி. பிரேக் டிஸ்க் இரண்டு, ஒன்று 165 வீதம் 330. பின் பிரேக் ஷூ ஒரு செட் 150. முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, ஒன்று 245 வீதம் 490. இன்ஜின் ஆயில் 7 லிட்டர், லிட்டர் 38 வீதம் 286. இதன் நடு எண்ணின் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஆயில் ஃபில்டர் 35. பிரேக் ஆயில் இரண்டு பாட்டில், ஒன்று 28 வீதம் 56. பிரேக் பேட் செட் ஒன்று 180. பிரேக் வேலைக்குக் கூலி 200. ஷாக் மாற்றிய கூலி 160. இழுவை லாரி 150. இதற்குக் கீழே கூட்டுத்தொகை 2,271 வெள்ளி, வரி 8 விழுக்காடு 181 வெள்ளி 68 சென், மொத்தம் 2,452 வெள்ளி 68 சென். அதை 70 சென்னாக்கி முடித்திருக்கிறார்கள். முன்பணம் எழுதுவதற்கென்று அச்சிட்ட கட்டம் ஒன்று இருக்கிறது. அது காலியாக இருக்கிறது. படத்தின் மேல் விளிம்பு வெட்டுப்பட்டிருப்பதால் கடையின் பதிவு எண்கள் எதுவும் தெரியவில்லை.

அடுத்து ஒவ்வொரு வரியாகப் பெருக்கிப் பார்க்க வேண்டும். டிஸ்க் சரி, ஷாக் சரி, பிரேக் ஆயில் சரி. இன்ஜின் ஆயிலில்தான் இடறுகிறது. லிட்டர் 40 வெள்ளி என்றாலே ஏழு லிட்டருக்கு 280 வெள்ளிதான் ஆகும். 38 வெள்ளி வீதம் போட்டவர் 280-ஐத் தாண்ட வழியே இல்லை. சரியான விடை 266. இப்படி அருகிலுள்ள முழு எண்ணை வைத்து மனத்திலேயே ஒரு வரம்பு கட்டிக்கொண்டால், கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்பே தவறான வரி கண்ணில் படும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பலரும் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது, தாளின் மடிப்பு சரியாக அந்த எண்ணின் மேல் விழுகிறது, கையெழுத்தில் 6-உம் 8-உம் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆகவே அது 286 ஆகவும் இருக்கலாம், 266 ஆகவும் இருக்கலாம். "ஏழை 38-ஆல் பெருக்கினால் 266 வருகிறது, ஆகவே அங்கே எழுதியிருப்பது 266-தான்" என்று முடிவு செய்துவிட்டு, "ஆயில் வரி சரி" என்று அதற்கு அடையாளம் போடுவது எளிது. அப்படிச் செய்தால் நீங்கள் அந்த வரியைச் சரிபார்க்கவே இல்லை. எதைச் சோதிக்க வேண்டுமோ அதை உண்மை என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அதை வைத்தே எண்ணைப் படித்திருக்கிறீர்கள். தெளிவில்லாத எண்ணைக் கணக்கை வைத்து ஊகிக்கலாம், தவறில்லை. ஆனால் அப்படி ஊகித்த வரியைச் சரிபார்த்த வரிகளோடு சேர்க்கக் கூடாது. அதைத் தனியே நிறுத்திவைத்துவிட்டு, வேறு ஏதாவது சான்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சான்று கூட்டுத்தொகையில் கிடைத்தது. பதினொரு வரிகளையும் நான் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். எழுதியவர் மேலிருந்து கீழாகக் கூட்டியிருப்பார். அதே வழியில் போனால் அவர் தடுக்கிய இடத்திலேயே நாமும் தடுக்குவோம் என்பதற்காகத் தலைகீழாகக் கூட்டுவது என் பழக்கம். ஆயில் 286 என்று எடுத்துக்கொண்டால் 2,217 வருகிறது. பில்லில் இருப்பது 2,271. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன. வித்தியாசம் 54. இரண்டு எண்கள் அக்கம்பக்கத்தில் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 71-உம் 17-உம் எடுத்துக்கொண்டால், ஒன்றில் ஏழு பத்தும் ஓர் ஒன்றும், மற்றதில் ஒரு பத்தும் ஏழு ஒன்றும். ஆறு பத்துகள் கூடி, ஆறு ஒன்றுகள் குறைந்திருக்கின்றன. அறுபதில் ஆறு போனால் 54. அதை ஒன்பதால் வகுத்தால் 6 வரும். இடம் மாறிய 7-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசமும் அதே 6. கணக்குப் பிரிவில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த ஒன்பது வழியைச் சொல்வார்கள். கூட்டல் பொருந்தாதபோது முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம்.

இதைச் சான்றாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணை எடுத்தாலும் ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே ஒன்பதால் வகுபடும். ஆகவே வகுபடுவது மட்டுமே நிரூபணம் ஆகாது. இங்கே வகுபடுவதோடு, இரண்டு எண்களும் கண்ணுக்கு நேரே இடம் மாறி நிற்கின்றன. மாறாக, ஆயில் 266 என்று எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 2,197. அப்போது வித்தியாசம் 74. அது ஒன்பதால் வகுபடவில்லை, எந்த வரியின் தொகையோடும் பொருந்தவில்லை. எந்த வரியோடும் என்று ஏன் பார்க்கிறேன் என்றால், வித்தியாசம் ஒரு வரியின் தொகைக்குச் சமமாக இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டோ இரண்டு முறை சேர்த்தோ கூட்டியிருக்கலாம். அப்படி எதுவும் இங்கே இல்லை. ஆக, எழுதியவர் ஆயிலுக்கு 286 என்றே போட்டார், கூட்டி 2,217 என்று கண்டார், அதைப் பில்லில் எழுதும்போது 2,271 ஆக்கிவிட்டார் என்பதே எனக்குப் படும் கதை. இரண்டு வேறு வேறு கைத்தவறுகள். கையால் எழுதும் பில் புத்தகத்தில், கால்குலேட்டரில் பார்த்ததைத் தாளுக்கு மாற்றும் அந்த நொடியில்தான் இது நடக்கும்.

இந்தக் கதை தவறாக இருந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஆயில் வரியில் எழுதியிருப்பது 266-ஆக இருந்தாலும் 286-ஆக இருந்தாலும், ஏழு லிட்டருக்கு லிட்டர் 38 வெள்ளி வீதம் வாங்க வேண்டியது 266-தான். அப்போது வரிக்கு முந்தைய சரியான கூட்டுத்தொகை 2,197. பில்லில் 2,271. இரண்டு வாசிப்பிலும் கூடுதல் 74 வெள்ளிதான். அதனால்தான் முதல் பத்தியிலேயே "எப்படிப் படித்தாலும்" என்று எழுதினேன். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, லிட்டர் எண்ணிக்கையோ லிட்டர் விலையோ தவறாக எழுதப்பட்டிருப்பது. ஆனால் எட்டு லிட்டர் என்றால் 304 ஆகிவிடும், ஆறு லிட்டர் என்றால் 228. எதுவும் 286-ஐத் தொடவில்லை. விலையை 41 வெள்ளியாக்கினால்கூட 287 வரும். ஆகவே பெருக்கலில்தான் தவறு என்று தைரியமாகக் கேட்கலாம்.

கூட்டல் கழித்தல் முடிந்தது. இனி இரட்டிப்பு. ஒரே வரி அச்சு மாறாமல் இரண்டு முறை வருவது அரிது. வந்தாலும் யார் கண்ணிலும் பட்டுவிடும். ஒரே பொருள் இரண்டு பெயரில் வருவதுதான் தப்பித்துப்போகும். இதைப் பிடிக்க, வரிகளைப் பெயர்ப்படி படிப்பதை விட்டுவிட்டுத் தொகைப்படி படிக்க வேண்டும். உங்கள் பில்லில் 180 என்ற தொகை முதல் வரியிலும் எட்டாவது வரியிலும் வருகிறது. முதல் வரியில் "முன் டிஸ்க் பேட்", எட்டாவதில் "பிரேக் பேட் செட்". டிஸ்க் பேட் என்றாலும் பிரேக் பேட் என்றாலும் பட்டறையில் ஒன்றையேதான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு வரிகள் இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

தொகை ஒன்றாக இருப்பது சந்தேகத்துக்குத்தான் காரணம். அதை வைத்து மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பொருளைப் பற்றி யோசித்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. பேட் ஒரு செட் என்றால் ஓர் அச்சுக்கு உரியது: இடச் சக்கரத்துக்கு இரண்டு, வலச் சக்கரத்துக்கு இரண்டு, ஆக நான்கு. முன் சக்கரங்களுக்கு ஒரு செட் போதும். பின் சக்கரங்களிலும் டிஸ்க் இருந்தால் இன்னொரு செட் தேவைப்படலாம். ஆனால் மூன்றாவது வரியைப் பாருங்கள்: பின் சக்கரத்துக்குப் பிரேக் ஷூ போட்டிருக்கிறார்கள். ஷூ டிரம் பிரேக்கில் இருப்பது. அந்த வேனின் பின் சக்கரம் டிரம் என்றால், இரண்டாவது பேட் செட்டுக்கு வண்டியில் இடமே இல்லை. பட்டறை எழுதிய வரியே அதை மறுக்கிறது.

இருந்தும் நான் இதை "ஏறக்குறைய" என்ற இடத்திலேயே நிறுத்துகிறேன். அடுத்த முறைக்கு ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளும்படி உங்கள் அப்பாவே சொல்லியிருக்கலாம். தினமும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அப்படிக் கேட்பவர்கள் உண்டு. அப்படியென்றால் அந்தச் செட் பெட்டியோடு அவர் கையில் இருக்க வேண்டும். இதைத் தீர்க்க எளிய வழி, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவது. பழைய பேட்கள் நான்கு இருந்தால் ஒரு செட்தான் மாற்றப்பட்டிருக்கிறது. பட்டறைகளில் பழைய பாகங்களைச் சில நாள் ஒரு வாளியில் போட்டு வைத்திருப்பார்கள்; பிறகு பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப் போய்விடுவார். ஆகவே அப்பா நாளைக்கே போய்க் கேட்பது நல்லது.

சந்தேகப்பட்டுப் பார்த்து, இதில் தவறில்லை என்று விட்டவற்றையும் சொல்ல வேண்டும். டிஸ்க் இரண்டு, ஷாக் இரண்டு என்பது இடம் வலம். அதை இரட்டிப்பு என்று கேட்டால் நமக்குத்தான் மரியாதை போகும். பேட்டும் டிஸ்க்கும் சேர்ந்து வருவதும் இயல்பு. டிஸ்க் தேய்ந்து மெலிந்துபோனால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவார்கள். கூலி இரண்டு வரிகளும் வெவ்வேறு வேலைகளுக்கு. பிரேக் கூலி ஒரே தொகையாக இருப்பது நல்லது. முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று, அதற்கு மேல் "பிரேக் சர்வீஸ்" என்று இன்னொன்று என்று பிரித்துப் போட்டிருந்தால், மூன்றாவது வரியில் என்ன வேலை என்று கேட்டிருப்பேன்.

இழுவை லாரி 150 வெள்ளியைப் பற்றிப் படத்தில் எந்தத் தவறும் தெரியவில்லை. ஆனால் நான் பார்த்த இரட்டிப்புகளில் பல, ஒரே பில்லுக்குள் இருந்ததில்லை. இரண்டு பேருக்குக் கொடுத்த பணத்தில்தான் இருந்தன. வண்டி வழியில் நின்றபோது இழுவை லாரி ஓட்டுநர் அங்கேயே கையில் காசு கேட்டிருப்பார், அப்பா கொடுத்திருப்பார். பிறகு பட்டறை தன் வழக்கப்படி இழுவைக் கூலியைப் பில்லில் சேர்த்திருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் பணம் இரண்டு முறை போகும். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லாரிக்காரருக்கு அன்றைக்கே பணம் கொடுத்தீர்களா?" இல்லை என்றால் அந்த 150 வெள்ளி நியாயமானது. கொடுத்திருந்தால் லாரிக்காரரின் ரசீது வேண்டும். ரசீது இல்லையென்றால் பட்டறைக்காரரே லாரிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி சொல்லலாம், பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்களாக இருப்பார்கள்.

முன்பணத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான வரி. பில்லில் அதற்கென்றே கட்டம் இருந்தும் அது காலியாக இருக்கிறது. முன்பணத்தைப் பெரும்பாலும் வேறொரு சிறிய ரசீதுப் புத்தகத்தில் எழுதுவார்கள், அல்லது டூயிட்நவ் வங்கிப் பரிமாற்றம் வழியாக அப்பா அனுப்பியிருப்பார். பில் எழுதுபவர் வேறு ஆளாக இருந்தால் அவருக்கு அது தெரியவே தெரியாது. எவ்வளவு கொடுத்தார், என்றைக்குக் கொடுத்தார், கையிலா வங்கி வழியாகவா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பினால், இந்தப் பில்லின் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இது பெரிய தொகையாக இருக்கக்கூடும். வங்கி வழியாக என்றால் கைப்பேசியிலேயே பதிவு இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

வரி பற்றி எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே 8 என்ற எண்ணில் வியப்பில்லை. பெருக்கலும் சரி: 2,271-க்கு 8 விழுக்காடு 181 வெள்ளி 68 சென்தான். ஆனால் அடித்தொகையே தவறாக இருப்பதால் வரியும் தவறாகிவிட்டது. அதைவிட முக்கியமான கேள்வி வேறு. இந்த வரியைச் சுங்கத் துறையில் பதிவுபெற்ற வணிகம் மட்டுமே வசூலிக்க முடியும். வாகனப் பட்டறை போன்ற சேவைகளுக்குப் பதிவு கட்டாயமாகும் எல்லை, 12 மாதங்களில் 5 லட்சம் வெள்ளி வருமானம். சிறிய ஊர்ப் பட்டறைகள் பல அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். பதிவு பெற்ற கடை என்றால் அதன் பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் மேல் பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் எண் இல்லை என்று நான் சொல்ல முடியாது. தெரியவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். முழுத் தாளின் படம் கிடைத்தால் அந்த எண்ணைச் சுங்கத் துறையின் MySST தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

எண் இருந்தாலும் இன்னொன்றைக் கேளுங்கள். இந்தப் பில்லில் உதிரிப் பாகங்கள், கூலி, இழுவை என எல்லாவற்றின் மேலும் 8 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். விற்பனை வரி என்பது உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ ஒரே முறை கட்டுவது. அது பாகத்தின் விலைக்குள்ளேயே அடங்கி வந்துவிடும். பட்டறை போடுவது சேவை வரி. எனக்குத் தெரிந்த பெரிய சர்வீஸ் மையங்களின் பில்களில் அந்த வரி கூலிக்கு நேரே மட்டும்தான் இருக்கும். அந்த வழக்கப்படி பார்த்தால் கூலி 360 வெள்ளிக்கு 28 வெள்ளி 80 சென்தான் வரி. பில்லில் இருப்பதோ 181 வெள்ளி 68 சென். இத்தனை வித்தியாசம் வரும்போது, "இந்த 8 விழுக்காட்டை எவற்றின் மேலெல்லாம் போட்டீர்கள்?" என்று கேட்பது முறைதான். பதிலில் ஐயம் இருந்தால் சுங்கத் துறையிடமே கேட்டுவிடுங்கள். இந்த இடத்தில் என் அனுபவத்தைவிட அவர்கள் சொல்வதே செல்லும்.

68 சென் 70 ஆனதில் தவறில்லை. ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குக் கொண்டுவரும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் எந்தப் பில்லிலும் ஏறுவதோ இறங்குவதோ அதிகம் போனால் இரண்டு சென்தான். அதற்கு மேல் ஏறியிருந்தால் மட்டுமே கேட்க வேண்டும்.

பிரேக் டிஸ்க் 165 வெள்ளி நியாயமா, ஷாக்கை இப்போது மாற்றத்தான் வேண்டுமா என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அசல் பாகமா மாற்றுப் பாகமா என்பது படத்தில் தெரியாது. வண்டியைக் கீழே படுத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் நிலை தெரியும். கணக்குத் தவறோடு விலைக் குறையையும் சேர்த்துப் பேசினால், உறுதியாகச் சொல்ல முடிந்த 74 வெள்ளியும் பேரம் பேசுவதுபோல் ஆகிவிடும். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பட்டறை நாளைக்கும் வேண்டும். காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பாவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகள் சாலையோரத்தில் காத்து நிற்பார்கள். அந்த நேரத்தில் போன் எடுப்பவர் அந்தப் பட்டறைத் தவுக்கேதான்.

ஆகவே கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாதீர்கள். எழுத்தில் எல்லாமே கடுமையாகத் தெரியும். அப்பா பில்லை எடுத்துக்கொண்டு நேரில் போகட்டும். முதலில் ஆயில் வரியைக் காட்டி, "போஸ், தோலோங் கிரா செக்காலி லாகி" என்று, இன்னொரு முறை கணக்குப் போடும்படி மலாயில் சொல்லி, அவரையே கால்குலேட்டரில் தட்டச் சொல்லலாம். அவர் கையாலேயே 266 வரும். அடுத்து மொத்தத்தையும் அவரே கூட்டட்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகு, "பேட் எத்தனை செட் போட்டீர்கள்?" என்று கேட்கலாம். இரட்டிப்பு என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கேட்டால் போதும். உறுதியானதை முதலில் கேட்டு, சந்தேகமானதைப் பிறகு கேட்கும் இந்த வரிசை முக்கியம். தலைகீழாகக் கேட்டால், பேட் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்துவிட்டால் ஆயில் தவறையும் பேச முடியாமல் போகும்.

உறுதியான தவறுகள் மட்டும் திருத்தப்பட்டு, அவர் போட்ட வரி முறையும் அப்படியே இருந்தால், தொகை 2,197 வெள்ளியும் அதற்கு வரி 175 வெள்ளி 76 சென்னும் சேர்ந்து 2,372 வெள்ளி 76 சென் ஆகும். இப்போது கேட்பதைவிட ஏறத்தாழ 80 வெள்ளி குறைவு. பேட் செட் ஒன்று போனால் வரியோடு சேர்த்து இன்னும் 194 வெள்ளி 40 சென் குறையும். முன்பணத்தை இதிலிருந்து கழிக்க வேண்டும். வரியும் இழுவையும் எப்படித் தீரும் என்பதைப் பொறுத்து இன்னும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம்.

பழைய பில்லின் மேலேயே எண்களை அடித்துத் திருத்தித் தந்தால் வாங்க வேண்டாம். புதிய பில் எழுதச் சொல்லி, பழையதன் குறுக்கே "ரத்து" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பில்கள் உயிரோடு இருந்தால், இன்னும் இரண்டு மாதம் கழித்து யாராவது பழையதை எடுத்து "இது நிலுவை" என்று சொல்லும் ஆபத்து உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பிறகு தாளாக வந்த அதே பில்லுக்கு மறுபடியும் கட்டிய அலுவலகங்களை எனக்குத் தெரியும். பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் புதிய பில்லின் எண்ணை எழுதுங்கள்.

புதிய பில்லைப் படமெடுக்கும்போது தாளை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் எடுத்த தெளிவு அப்படியே வரும். இங்கே நீங்கள் போட்ட படத்தில் வண்டி எண்ணும் பட்டறைக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணும் தெரிகின்றன. அதை இப்போதே எடுத்துவிடுங்கள். எனக்குத் தேவையானதைப் படியெடுத்துக்கொண்டேன். அடுத்த படத்தைப் போடும்போது அந்த இரண்டையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், மறுபடியும் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.